டி பிரிவின் ஒற்றைப் புள்ளி

திருச்சியில் எங்கள் பள்ளியில் பாக்ஸ் பிளாட் என்னும் பெட்டிப் படம் வரையத் தெரிந்தவர் கணக்கு டீச்சர் இருதயமேரி மட்டும்தான். நயமாகப் பேசத்தான் வராது. 1984 அரையாண்டுக் கணக்குத் தேர்வு மதிப்பெண்களைப் பத்தாம் வகுப்பின் நான்கு பிரிவுகளுக்கும் வரைந்தார். ஒவ்வொரு பிரிவிலும் நடுவில் வரும் பாதிப் பேர் பெட்டிக்குள் அடங்குவார்கள். மற்றவர்கள் பெட்டிக்கு மேலும் கீழும் நீளும் கோட்டில் வருவார்கள்; அதையும் தாண்டி வெகுவாக விலகி நிற்பவருக்கு மட்டும் தனிப் புள்ளி. டி பிரிவின் பெட்டி முப்பதிலிருந்து ஐம்பது வரை. வெகு மேலே, தொண்ணூற்றாறில், தனியாக ஒரு புள்ளி. அது வையம்பட்டி மயிலம்மாள்.

“காப்பி அடிச்சிருக்கா,” என்றார் தலைமையாசிரியை.

இருதயமேரிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

“ஏ பிரிவுலயும் ஒருத்தி தொண்ணூத்தாறு எடுத்திருக்கா சிஸ்டர். அங்க பெட்டி அறுபதுலேருந்து எண்பது வரைக்கும். அதனால அவ பெட்டிக்கு மேல போற கோட்டுக்குள்ளயே வந்துட்டா. அவளைச் சந்தேகப்பட்டீங்களா?”

தலைமையாசிரியை டி பிரிவின் புள்ளியை விரலால் தொட்டுக் காட்டினார்.

“இவ தன் வகுப்பைவிட்டுத் தள்ளி நிக்கிறான்னுதான் நான் புள்ளி வச்சேன். திருடின்னு பேர் வச்சது நீங்க.”