ரத்தினம்மாள் உருள வேண்டிய தெரு

டைபாய்டில் கிடந்த மகள் கண்ணம்மாள் பிழைத்தெழுந்தால் ஆடித் திருவிழாவில் மாரியம்மன் கோயிலை உருண்டு வருவதாக ரத்தினம்மாள் வேண்டிக்கொண்டிருந்தாள். மகள் எழுந்து வேர்க்கடலை மண்டி வேலைக்கும் போய்விட்டாள். உள்ளே சுற்ற இடமில்லாத சின்னக் கோயில்; தெருவோடுதான் உருண்டாக வேண்டும். அந்தத் தெருவிலோ, கோயில் வாசலிலேயே சாக்கடை வழிந்து, எச்சில் இலையும் அழுகிய வாழைமட்டையும் மிதந்தன.

செஞ்சி பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் மனு எழுதும் கோதண்டராமன் முன்னால் போய்க் குந்தினாள்.

"எழுது சாமி. கோயிலாண்ட தேங்கா பழம் விக்கிற நைவேத்தியக் கடை சொக்கலிங்கம் சாக்கடை மேல கருங்கல்லப் போட்டு மூடிட்டாரு. அடைப்பக் குத்திவிட வர்ற ஆளுங்க கல்ல நகத்த முடியாம திரும்பிப் போயிடறாங்க. குப்ப அடியில அடைச்சிக்கினு கெடக்குது."

பேனா ஓடியது.

"இப்போ படி."

"'கோயில் வாசலில் கழிவுநீர் தேங்கிப் பக்தர்களுக்கு இடையூறாக உள்ளபடியால்...'"

"கல்லு எங்க?"

"ஆயா, அவர் உபயதாரர். பேர் போட்டா வம்பு."

"உருளப்போறது நீயா, நானா? போடு. அதிகாரி ஐயா வந்து நின்னு பாத்துட்டு, இதுல உருளுன்னு சொன்னா உருளறேன்னும் போடு."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவன் வேறு தாளெடுத்தான். கீழே அவள் கைநாட்டு வைத்தாள். தபால் குமாஸ்தா முத்திரை குத்தி உள்ளே கொண்டுபோனார்.

மறுநாள் காலை பஞ்சாயத்து நிர்வாக அதிகாரி வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோயில் வாசலில் நின்றார். பின்னாலேயே துப்புரவு மேஸ்திரி.

"கல் உங்களுடையதா?" என்றார் சொக்கலிங்கத்திடம்.

"வாடிக்கைக்காரங்க கால் வைக்க ஒரு கல்லு சார், அவ்வளவுதான்."

"பஞ்சாயத்துச் சாக்கடை மேல அனுமதி இல்லாம போட்டது. நீங்களே இன்னைக்கு எடுத்துடுங்க. இல்லேன்னா நோட்டீஸ் கொடுத்து நாங்க எடுப்போம், செலவு உங்க கணக்கு."

சொக்கலிங்கம் பக்கத்தில் நின்ற ரத்தினம்மாளைப் பார்த்து முறைத்தார். "என் பேரைப் போட்டுட்டியே, கெழவி!"

"உன் பேர்ல அர்ச்சனையா பண்ணச் சொல்றே, மொதலாளி? ஆள வுட்டுத் தூக்கு."

நாலு ஆள் கடப்பாரை வைத்துக் கல்லைப் புரட்டினார்கள். அடியிலிருந்து தேங்காய் மட்டைகளும் வாழைநாரும் பந்து பந்தாக வந்தன. தேங்கிய தண்ணீர் ஒரு முனகலோடு இறங்கியது. மேஸ்திரியின் ஆட்கள் குப்பையை வண்டியில் அள்ளி, மண் கொட்டி, சுண்ணாம்புத் தூளும் தூவிவிட்டுப் போனார்கள்.

திருவிழாவன்று ரத்தினம்மாள் ஈரச்சேலையோடு வாசலில் படுத்தாள். கண்ணம்மாள் பக்கத்தில் குனிந்து அவளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே வந்தாள். முதுகில் உறுத்தியது வெறும் மண். மூக்கில் ஏறியது சுண்ணாம்பு வாடை. கடை எதிரே வந்தபோது சில்லென்று தண்ணீர் மேலே விழுந்தது. கண்ணைத் திறந்தாள். குடத்தோடு சொக்கலிங்கம்.

"நல்ல தண்ணிதான், கெழவி. உருளு."

"இன்னொரு குடம் ஊத்து," என்றபடி அவள் புரண்டாள்.