கழுவினால் போதும்

அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. லாரி டிரைவரிலிருந்து பசை காய்ச்சுகிறவன் வரை எல்லோருக்கும் அவள் பர்சேஸ் அக்காதான். பேரத்தில் பலே கில்லாடி. விலைப்புள்ளியைக் கையில் வாங்கும்போதே பேனா மூடியைக் கழற்றிவிடுவாள். அங்கேயே எலக்ட்ரீஷியனாக இருந்த தம்பி, "எங்கக்கா எமன்கிட்டயே டிஸ்கவுண்ட் கேக்கும்" என்று கேன்டீனில் உட்கார்ந்து கேலி செய்வான். அம்மா போன பிறகு அவனைத் தலை துவட்டி, சோறு ஊட்டி வளர்த்தவள் அவள்தான். அவன் என்ன சொன்னாலும் அவளுக்குச் சிரிப்புதான் வரும்.

கூரை மேல் சோலார் போட்ட கம்பெனியின் இலவசப் பராமரிப்புக் காலம் முடிந்தது. வருடப் பராமரிப்புக்கு அதே கம்பெனி விலை அனுப்பியது. போட்ட முதலில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. அதற்கு என்னென்ன செய்வார்கள் என்றும் எழுதியிருந்தார்கள். பேனல் கழுவுவது, இணைப்புகளைச் சூடு காட்டும் கேமராவில் பார்ப்பது, ஒவ்வொரு வரிசையிலும் கரண்ட் அளப்பது, வயரில் எங்காவது கரண்ட் கசிகிறதா என்று இன்சுலேஷன் டெஸ்ட், எர்த் டெஸ்ட், இன்வெர்ட்டர் ஃபேன் சுத்தம், புகார் சொன்னால் மறுநாளுக்குள் ஆள், இவ்வளவு யூனிட்டுக்குக் குறைந்தால் ஈட்டுத்தொகை.

"அட, வெயில்ல சும்மா கிடக்கிற கண்ணாடிக்கு இத்தனை வைத்தியமா? கழுவினா போதாதா?" என்றாள்.

கழுவ மட்டும் இன்னொருவன் வந்தான். நூற்றுக்கு அரைப் பங்குதான் கேட்டான். அவள் கையெழுத்துப் போட்டாள். முதலாளி பாராட்டியபோது பெருமையாகத்தான் இருந்தது. யாருக்குத்தான் இருக்காது?

மழைக்காலம் வந்ததும் தினமும் காலையில் இன்வெர்ட்டர் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு நின்றது. பேனல் காய்ந்த பிறகுதான் ஓடும். தம்பி வந்து சொன்னான். "மேல எங்கயோ கரண்ட் லீக் ஆகுதுக்கா. டெஸ்ட் பண்றவங்களக் கூப்பிடு."

கழுவுகிறவனுக்குப் போன் போட்டாள். "அது நம்ம காண்ட்ராக்ட்ல இல்ல மேடம்" என்று வைத்துவிட்டான். வெளியாளைக் கூப்பிட்டால் தனிச் செலவு. மிச்சம் பிடித்ததைச் சொல்லிப் பாராட்டு வாங்கிய வாயால் எப்படிக் கேட்பது?

"நீயே ஒரு பார்வை பாத்துடேன்டா" என்றாள்.

பாவி மகன், அக்கா சொன்னால் மறுபேச்சே கிடையாது. இன்வெர்ட்டரையும் மெயினையும் அணைத்துவிட்டுத்தான் ஏறினான். கீழே எதை அணைத்தாலும், வெளிச்சம் இருக்கும்வரை பேனலில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். காலமெல்லாம் மோட்டாரும் ட்யூப்லைட்டும் பார்த்த கைக்கு அது பழக்கமில்லை. ஓரிடத்தில் வயர் தோல் உரிந்து கூரைத் தகரத்தைத் தொட்டுக் கிடந்தது. அதே வரிசையின் மறுகோடியில் உருகி வெடித்திருந்த இணைப்பை அவன் ஈரக்கையால் பிடித்தான். தகரமும் ஈரம். இறக்கிக் கொண்டுவரும்போதே உயிர் இல்லை.

அன்றிலிருந்து சோலாரை நிறுத்தியே வைத்தார்கள். மழைக்காலம் கழிந்து, மறுபடி ஓட்டலாம் என்று முதலாளி சொன்னதும், பழைய கம்பெனியின் விலைப்புள்ளியைத் தூசி தட்டி எடுத்துவந்தாள் அக்கா.

"கொஞ்சம் குறைச்சுப் பேசிப் பாரும்மா" என்றார் முதலாளி.

"பேச மாட்டேன் சார். இதுல எதையும் எடுக்கவும் கூடாது. இன்னும் ஒண்ணு சேக்கணும். நம்ம ஆளுங்க யாரும் கூரை மேல ஏறக் கூடாது. அதுக்குன்னு படிச்ச அவங்க ஆளுங்கதான் கையுறை போட்டு ஏறணும்." முதலாளி தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார்.

டெக்னீஷியன் வந்தார். வரிசை வரிசையாக மீட்டர் வைத்தார். உரிந்த வயரையும் உருகிய இணைப்பையும் மாற்றிவிட்டு அவள் மேஜைக்கு வந்தார். அவர் புது ஆள். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

"சரி பண்ணியாச்சு மேடம். டெஸ்ட் வச்ச உடனே எந்த வரிசைன்னு காட்டிடுச்சு. பத்து நிமிஷ வேலை."

அவர் நீட்டிய ரிப்போர்ட்டை வாங்கி மேஜை மேல் வைத்தாள்.

"அலாரம் வந்தா வாட்ஸ்அப்ல மெசேஜ் போற மாதிரி செட் பண்ணித் தரேன். அதுவும் காண்ட்ராக்ட்ல இருக்கு. உங்க எலக்ட்ரீஷியன் நம்பர் சொல்லுங்க."

யோசிக்காமலே சொன்னாள். தினம் நாலு தடவை போட்ட நம்பர், நாக்கிலேயே இருந்தது. அவர் அழுத்தி முடித்துவிட்டு போனை அவள் பக்கம் திருப்பினார்.

"போட்டோல சிரிக்கிறாரே, இவர்தானே?"

தம்பிதான். தீபாவளியோ பொங்கலோ இல்லாத ஏதோ ஒரு சாதாரண நாளில், இதே மேஜைக்கு முன்னால் அவனை நிற்கவைத்து அவளே எடுத்த படம்.

"ஆமாங்க, அவன்தான்" என்றாள். கண்ணீர் பொலபொலவென்று ரிப்போர்ட் மேல் விழுந்தது. முந்தானையால் அதை ஒற்றினாள்.

"அதை எடுத்துட்டு என் நம்பரைப் போடுங்க தம்பி. இனிமே எது வந்தாலும் எனக்குத்தான் வரணும்."