சாம்பிள் ரேக்கில் இருந்த எடை

இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே குடோன். எவர்சில்வர் டிபன் பாக்ஸ், டப்பா, இட்லித் தட்டு, வடிகட்டி என்று சமையலறைச் சாமான்களை ஆன்லைனில் விற்கிற கடை. கடை என்றாலும் வாடிக்கையாளர் ஒருவர்கூட வாசல்படி ஏறியதில்லை. அவர்களுக்குத் தெரிவதெல்லாம் நான் ஏற்றுகிற பக்கம்தான்: பெயர், படம், அளவு, எடை, விலை.

பத்தாவதோடு நின்றவள் நான். கணக்கு எனக்குப் பயம். பயந்ததால் ஒவ்வொன்றையும் மறுபடி பார்ப்பேன், பார்த்ததை இன்னொரு முறை பார்ப்பேன். வீட்டில் சிலிண்டரை மூடினேனா என்று பாதி வழியில் நினைத்துத் திரும்பிப் போகிறவளுக்கு இந்த வேலை கிடைத்தது ஒருவகையில் பொருத்தம்தான்.

சப்ளையர் அனுப்பும் ஷீட்டில் ஒரே சாமான் மூன்று பெயரில் இருக்கும். ஓரிடத்தில் எஸ்.எஸ்., இன்னோரிடத்தில் ஸ்டீல், அடுத்ததில் எவர்சில்வர். ஒருவர் அங்குலத்தில் எழுதுவார், ஒருவர் சென்டிமீட்டரில். அதையெல்லாம் ஒரே மாதிரி ஆக்கி, இரண்டு முறை வந்ததை நீக்கி, காலிக் கட்டங்களை நிரப்பி, ஒவ்வொரு சாமானுக்கும் தனியாக விலை போட வேண்டும். வாங்கின விலை, அட்டைப்பெட்டி, தளத்தின் கமிஷன், வரி, கூரியர். இதில் கூரியர்தான் ஏமாற்றும். பெட்டியோடு சேர்த்து அரை கிலோவுக்குள் இருந்தால் ஒரு கட்டணம், கொஞ்சம் தாண்டினாலும் அடுத்த படி. எடைக் கட்டத்தில் தப்பு நேர்ந்தால் விலையும் தப்பு.

அந்த மழைக்காலத்தில் எங்களோடு ஒரு அக்கா சேர்ந்தார். ஊரப்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வருவார். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர். தொண்டையில் ஏதோ வந்து, சத்தமாகப் பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குரல் போனதும் வகுப்பும் போயிற்று. பேசாமல் செய்யக்கூடிய வேலை எதுவென்று தேடி எங்களிடம் வந்திருந்தார். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாக முதலாளி சொல்லியிருந்தார். நான் சொல்லவருவது அந்த மூன்று மாதம் முடிகிற வாரத்தில் நடந்தது.

கீழே பேக்கிங் செய்யும் அண்ணன் அவரைக் கிண்டல் செய்வார். "டீச்சர் பேசுறது தராசுக்கு மட்டும்தாம்மா கேக்கும். எங்களுக்கு இன்னா, உதடு ஆடறதுதான் தெரியுது."

"நீங்க வாய மூடினா எல்லாருக்கும் கேக்கும்," என்பார் அக்கா, காற்று மாதிரியான குரலில்.

ஒருவர் நிரப்பிய வரிகளை இன்னொருவர் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். அவருடைய ஷீட் என்னிடம் வரும். அங்கங்கே சில வரிகளை எடுத்து, அந்தச் சாமானைக் கையில் வைத்து அளந்து பார்ப்பேன். ஒத்துப்போனால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. முதலாளி சிவப்பை மட்டும்தான் எண்ணுவார்.

அளப்பதற்கென்று மாடியில் ஒரு சாம்பிள் ரேக் உண்டு. எந்தச் சாமான் புதிதாக வந்தாலும் முதல் பீஸை எடுத்து, அடியில் மார்க்கரால் எண் எழுதி அங்கே வைத்துவிடுவோம். சந்தேகம் வந்தால் ரேக் சொல்வதுதான் முடிவு. இதை அந்த அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

அந்த வாரம் ஒரு சப்ளையரின் டிபன் பாக்ஸ்களை அவர் முழுக்க மறுபடி எழுதியிருந்தார். நான் எடுத்த வரிகளில் ஐந்து தப்பு. ஐந்திலும் எடை கூடுதல். அதனால் ஐந்திலும் விலையும் ஒரு படி மேலே. ரேக்கில் இருந்ததை இரண்டு முறை நிறுத்துப் பார்த்தேன். தராசைத் துடைத்துவிட்டு இன்னொரு முறையும் பார்த்தேன். ஐந்தையும் சிவப்பாக்கினேன்.

மேடவாக்கம் டிராஃபிக்கில் மாட்டித் தாமதமாக வந்த முதலாளி, ஷீட்டைத் திறந்ததும் முகத்தைச் சுருக்கினார்.

"டீச்சரா இருந்தவங்க, கவனமா இருப்பாங்கன்னு நெனச்சேன். நம்ம பாக்ஸ் பக்கத்துக் கடைக்காரன விடக் காஸ்ட்லியா நின்னா எவன் வாங்குவான்? சாயந்திரம் சொல்லிடலாம்."

"எத சார்?"

"அவங்க வேணாம்னு."

நான் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். எதிர் மேசையில் அக்கா அடுத்த ஷீட்டில் இருந்தார். சிவப்பை அவரும் பார்த்திருந்தார். வெந்நீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார்.

என்னை உறுத்தியது வேறு. அவசரத்தில் தட்டுகிற தப்பு இப்படி வராது. ஒன்று கூடும், ஒன்று குறையும், ஒன்றில் புள்ளி இடம் மாறும். ஐந்தும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன, அதுவும் ஒரே சப்ளையரில். எழுந்து போய்க் கேட்டேன்.

"அக்கா, இத எங்க வச்சு எட போட்டீங்க?"

"கீழதான். பேக்கிங் மேசைல."

"ரேக்ல இருந்து எடுத்துட்டுப் போயா?"

"எந்த ரேக்?"

ஒரே தராசில் பார்த்துவிடலாம் என்று மாடித் தராசைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

"இன்னாம்மா, தராசோட பொறப்பட்டுட்ட? காய்கறி விக்கப் போறியா?" என்றார் அண்ணன்.

"அந்த டிபன் பாக்ஸ் புது லோடு எங்கண்ணா?"

"தோ கீதே. கனம்மா, பாத்துத் தூக்கு. போன லோடு மாதிரி இல்ல இது."

பிரிக்காத அட்டைப்பெட்டியைப் பிரித்து ஒன்றை எடுத்து நிறுத்தேன். அக்கா எழுதியிருந்த எடை. இன்னொன்று. அதே எடை. ரேக்கிலிருந்ததை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. விரலால் தட்டினால் தெரிந்தது, புதியதன் அடி கெட்டியாக ஒலித்தது. சப்ளையர் கனமான தகட்டுக்கு மாறியிருந்தார், யாரிடமும் சொல்லவில்லை. ரேக்கிலிருந்த பீஸ் எப்போதோ வந்த முதல் லோடு.

இரண்டு பாக்ஸையும் முதலாளி மேசையில் வைத்தேன். அவரிடம் நானாகப் போய்ப் பேசுவது அபூர்வம்.

"சார், தப்பு ரேக்லதான். இப்ப நம்ம அனுப்பறது இந்தக் கனமான பாக்ஸ்."

இரண்டையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்தார். பிறகு லேப்டாப்பைத் திருப்பி, கூரியர் பிடித்தம் செய்த கணக்கைத் திறந்தார். சில வாரங்களாக அந்த டிபன் பாக்ஸுக்கு எடை கூடுதல் என்று கூரியர்காரர்கள் அடுத்த படிக் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று அவர் புகார் மேல் புகார் போட்டுக்கொண்டிருந்தார்.

"அவனுங்க சரியாத்தான் போட்டிருக்கானுங்களா?" என்றார், யாரையும் பார்க்காமல்.

ஐந்து சிவப்பையும் பச்சையாக்கினேன். அக்கா போட்ட விலையே தளத்தில் ஏறியது. ஆர்டர் குறைந்தது, அதை முதலாளி பல நாள் சொல்லிக் காட்டினார். ஆனால் அன்று சாயந்திரம் அக்காவைக் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து நிரந்தரம் என்றார். அவர் தலையாட்டினார். இறங்கி வரும்போது என்னிடம், "நல்லவேளை, எனக்கு ரேக் தெரியாமப் போச்சு," என்று மட்டும் சொன்னார்.

ரேக்கிலிருந்த அத்தனையையும் புது லோடோடு ஒப்பிட்டு எடை போட வேண்டியதாயிற்று. ரேக்கை நம்பி எழுதியவை பெரும்பாலும் என் வரிகள். என் ஷீட்டைச் சரிபார்க்கும் வேலை அக்காவுக்குப் போனது.

முதல் நாள் மத்தியானமே திரையில் என் வரி ஒன்றில் ஒரு கட்டம் சிவந்தது. வடிகட்டி, விட்டம். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அளக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு குடோனுக்கு இறங்கினேன்.