முந்நூற்று முப்பத்து நான்கு மில்லிவோல்ட்

கல்லூரியில் அவளை 'மில்லிவோல்ட் மிஸ்' என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகள் வைத்த பெயர். ஒரு மில்லிவோல்ட் கூடினாலும் குறைந்தாலும் கம்பியைத் தேய்த்துக் கழுவி மறுபடி அளக்கச் சொல்லுவாள் என்பதால் வந்த பெயர். கேலியாகத்தான் ஆரம்பித்தது. போகப் போக அவளே அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு ஒட்டிக்கொண்டது.

வேதியியல் துறையில் அவள் ஒப்பந்த ஆசிரியை. ஆண்டுதோறும் கோடை விடுமுறை முடியும்போது, இந்த வருஷமும் கூப்பிடுவார்களா என்று தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்க வைக்கும் வேலை. நிரந்தர வேலைக்கு முனைவர் பட்டம் வேண்டும், வயது வரம்பும் உண்டு. பட்டத்துக்காகப் பகுதி நேரமாகப் பதிந்து பல வருஷம் ஆகிவிட்டது. அந்த வயது வரம்போ அடுத்த வருஷம் மூடிக்கொள்ளும் கதவு மாதிரி நின்றது.

அவளுடைய ஆராய்ச்சி பார்ப்பதற்குச் சின்னது. தண்ணீரில் கரையவே கரையாத மாதிரி தோன்றும் சில உப்புகள் உண்டு. உண்மையில் துளியூண்டு கரையும். அந்தத் துளியூண்டு எவ்வளவு என்று சொல்லும் எண்தான் கரைதிறன் பெருக்கம். மூன்று கரிம அமிலங்களின் வெள்ளி உப்புகளுக்கு அவள் அந்த எண்ணைக் கண்டுபிடித்தாள். தராசில் நிறுத்து அல்ல, மின்னழுத்தத்தை அளந்து.

இரண்டு பீக்கர். இரண்டிலும் ஒவ்வொரு வெள்ளிக் கம்பி. ஒன்றில் அளவு தெரிந்த சில்வர் நைட்ரேட் கரைசல். மற்றதில் அந்த அமிலத்தின் சோடியம் உப்புக் கரைசல், அதில் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட். விட்ட உடனே பால் மாதிரி கலங்கும், வெள்ளி உப்பு வீழ்படிவாகி இறங்கும். கரைந்து மிச்சமிருக்கிற வெள்ளி அயனி அற்பத்திலும் அற்பம். இரண்டு பீக்கரையும் பொட்டாசியம் நைட்ரேட் உப்புப் பாலத்தால் இணைத்தால் கம்பிகளுக்கு நடுவே மின்னழுத்தம் வரும். இரண்டு பக்கத்து வெள்ளிச் செறிவும் பத்து மடங்கு விலகினால் ஐம்பத்தொன்பது மில்லிவோல்ட், நூறு மடங்கு விலகினால் அதைப்போல் இரண்டு பங்கு. மீட்டர் காட்டுவதை வைத்து, கலங்கிய பீக்கரில் எவ்வளவு வெள்ளி மிச்சம் என்று கணக்குப் போடலாம். அதை அமில அயனியின் செறிவோடு பெருக்கினால் எண் கையில்.

அவளுக்கு மூன்று உப்புக்கும் முந்நூற்று முப்பதை ஒட்டியே வந்தது. முதல் உப்புக்கு முந்நூற்று முப்பத்து நான்கு. எத்தனை முறை அளந்தாலும் அதேதான், பாறை மாதிரி. அதிலிருந்து அவள் கணக்கிட்ட கரைதிறன் பெருக்கத்தைவிட, பழைய கையேடுகளில் இருந்த எண்கள் நாற்பது மடங்குக்கு மேல் பெரியவை. அந்தக் கால ஆய்வாளர்கள் உப்பைத் தண்ணீரில் குலுக்கி, வடிகட்டி, வடிநீரில் எவ்வளவு வெள்ளி என்று தரம் பார்த்துக் கண்ட எண்கள் அவை.

"அந்தக் காலத்துல கலங்கலோட சேர்த்து அளந்திருப்பாங்கம்மா," என்றார் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்த மனிதர், மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டே பேசுவார், அது நெற்றியில் இருக்கும். "உன் முறைதான் நுட்பமானது. தைரியமா எழுது."

எழுதினாள். ஆய்விதழில் வந்தது. இருவர் பெயரும் மேலே. கணவன் அந்தப் பக்கத்தை நகலெடுத்துத் தன் கடையில் ஒட்டி வைத்தான். அவன் மோட்டார் காயில் சுற்றுகிறவன். கடைக்கு வருகிறவர்களிடம், "நம்ம வீட்டம்மா எழுதினது. எனக்கு ஒரு எழுத்தும் புரியாது, ஆனா வோல்ட்னு போட்டிருக்கு பாருங்க, அது மட்டும் நம்ம சொந்தம்," என்பான்.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாயிற்று. வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தைய வாரம், தேர்வாளர் முன்னால் செய்து காட்டச் சொன்னால் கை தடுமாறக் கூடாதென்று, ஒரு காலை நேரத்தில் ஆய்வகத்தில் தனியாக முதல் உப்பின் கலத்தைக் கட்டினாள்.

சொட்டுக்குழாயின் ரப்பர் குமிழ் வெடித்திருந்தது. இரண்டு சொட்டு விடப் போனவள் கை தவறி ஒரு கொத்தாக விட்டுவிட்டாள். "போச்சு" என்று சலித்துக்கொண்டு பீக்கரைக் கலக்கினாள். சொட்டு கூடினால் ஒன்றும் ஆகக் கூடாது. அமில உப்பு பீக்கரில் ஏராளமாக இருக்கிறது. கூடுதல் வெள்ளி கூடுதல் வீழ்படிவாக இறங்கும், அவ்வளவுதான். மீட்டர் அசையக் கூடாது.

மீட்டர் முந்நூற்றுப் பதினைந்து காட்டியது.

கம்பியைத் தேய்த்தாள். பாலத்தை மாற்றினாள். அதே எண். பிறகு ஏதோ ஒன்று அவளை உந்த, இன்னொரு சொட்டு விட்டுக் கலக்கினாள். இறங்கியது. இன்னொன்று. முதலில் மெதுவாக இறங்கிய எண் பிறகு சரசரவென்று சரிந்தது. இருநூற்று முப்பத்தேழில் வந்து நின்றது. அதற்கப்புறம் எத்தனை சொட்டு விட்டாலும் கலங்கல் கெட்டியானதே தவிர எண் அசையவில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பீக்கரில் வேறு எதுவோ இருக்கிறது. முதல் சொட்டுகளை எல்லாம் அதுதான் விழுங்குகிறது. அது தீர்ந்த பிறகுதான் அவளுடைய உப்பின் முறை வருகிறது. அவளுடைய உப்பை விடக் குறைவாகக் கரையும் வெள்ளி உப்பு ஒன்றைத் தருகிற ஏதோ ஒன்று. அது என்னவென்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். குளோரைடு.

தன் சோடியம் உப்பில் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் கரைத்து, நைட்ரிக் அமிலம் விட்டு, பிரிந்த கரிம அமிலத்தை வடிகட்டி எறிந்தாள். தெளிந்த வடிநீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட். வெள்ளை வெளேரென்று பொங்கியது. மற்ற இரண்டு புட்டிகளும் அப்படியே.

எங்கே வந்தது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அமிலத்தைப் பிரிக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றியது அவள் கைதான். செதில் செதிலாக விழுந்ததைக் காய்ச்சி வடித்த நீரில் கழுவியதும் அவள்தான். உப்புகளைத் தயாரித்த அந்தக் கோடையில் வடிகலனின் இரண்டு சூடேற்றும் சுருள்களில் ஒன்று எரிந்து போயிருந்தது. நாள் முழுக்கக் காத்திருந்தாலும் ஒரு புட்டி நீர்தான் கிடைக்கும். கழுவின வரைக்கும் போதும் என்று நிறுத்தி, அந்த அமிலத்தையே சோடியம் உப்பாக்கினாள். நூற்றில் ஒரு பங்குதான் குளோரைடு ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு சொட்டு வெள்ளியைத் தின்ன அது தாராளம். இத்தனை வருஷமும் அவள் அளந்தது சில்வர் குளோரைடை. மூன்று உப்பும் ஒரே மாதிரி எண் தந்ததும் அதனால்தான். மூன்றையும் ஒரே மாதிரி அரைகுறையாகக் கழுவியிருந்தாள்.

பேராசிரியர் வீட்டில் அவரே கதவைத் திறந்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"யாருக்குத் தெரியும் இது?"

"நமக்கு மட்டும்தான் சார்."

"சுத்தம் பண்ணித் திரும்ப அளந்தா என்ன வரும்?"

"இருநூத்தி முப்பத்தேழு. கணக்குப் போட்டா கையேட்டுல இருக்கிற பழைய எண்தான் சார். புதுசா ஒண்ணுமே இல்ல."

கண்ணாடியைத் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார். "வேற தலைப்புல ஆரம்பிச்சா உனக்கு வயசு தாண்டிடும்மா. நான் இத நியாயம்னு சொல்லல. ஆனா தேர்வாளர் கேக்க மாட்டார். நாலு பேர் படிக்கிற பேப்பர். யாருக்கும் கெடுதல் இல்ல."

"நான் கேப்பேனே சார்."

"நீ கேட்டுக்கிட்டே வேலைல இருக்கலாம்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற குரல். அவருடைய கடைசிப் பேப்பரும் அதுதான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

வீட்டில் அவள் சொன்னதையெல்லாம் கேட்ட கணவன், சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டுக் கேட்டான்.

"மீட்டர் பொய் சொல்லிச்சா?"

"இல்லைங்க. மீட்டர் சரியாத்தான் சொல்லிச்சு. நான்தான் வேற ஆளோட பேரைச் சொல்லி எழுதிட்டேன்."

"இப்ப வாயை மூடிக்கிட்டா?"

"வேலை கிடைக்கலாம். காலம் பூரா பிள்ளைங்ககிட்ட திரும்ப அளக்கச் சொல்லணும். எந்த வாயால சொல்றது?"

"உன் இஷ்டம்," என்றான். அந்தச் சொல்லில் ஒரு சின்ன வெட்டு இருந்தது. மகள் படிப்பு, வாடகை வீடு, எல்லாம் அதற்குள் இருந்தன. பிறகு எழுந்து போய்த் தொலைக்காட்சியைப் போட்டான், சத்தத்தைக் குறைக்கவில்லை.

அவள் ஆய்வேட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். ஏதோ ஒரு துணிச்சலில் செய்ததாகச் சொல்ல முடியாது. பல்கலைக்கழக அலுவலக வாசலிலிருந்து இரண்டு முறை திரும்பிப் போய்விட்டு, மூன்றாம் முறை உள்ளே போனாள். "பிழைன்னா திருத்திக் குடுங்களேன், எதுக்கு வாபஸ்?" என்றார் எழுத்தர். திருத்தினால் மிச்சம் ஒன்றுமில்லை என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். பேராசிரியர் அதற்குப் பிறகு அவள் அழைப்பை எடுக்கவில்லை. ஓய்வு விழாவில் கூட்டத்துக்கு நடுவே அவளைப் பார்த்துத் தலையாட்டினார், அவ்வளவுதான்.

ஆய்விதழுக்கும் எழுதினாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள், கடிதம் திரும்பி வந்தது. இதழ் நின்று போயிருந்தது. இதழ் நின்றாலும் கட்டுரை நிற்கவில்லை. எங்கோ ஓர் ஆய்வுக்குழு, காயத்தில் போடும் பூச்சுக்காக, மெல்ல மெல்ல வெள்ளியை விடும் உப்பு ஒன்றைத் தேடியது. அவளுடைய எண்ணை எடுத்துக் கணக்குப் போட்டுக் கட்டுரையும் வெளியிட்டது. தற்செயலாகத்தான் அதைப் பார்த்தாள். உண்மையில் அந்த உப்பிலிருந்து அவர்கள் நினைத்ததைவிடப் பல மடங்கு வெள்ளி வெளியே வரும். உடனே எழுதினாள். குளோரைடு, சொட்டுகள், இரண்டு மின்னழுத்தம், எல்லாவற்றையும் விளக்கி. 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று தானியங்கிப் பதில் ஒன்று வந்தது. அப்புறம் இன்னொரு கட்டுரை அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியது. அதற்கும் எழுதினாள். யாருமே அவளிடம் சண்டைகூடப் போடவில்லை.

வயது வரம்பு தாண்டிய வருஷம் துறைக்கு நிரந்தர ஆசிரியராக வந்தவள் அவளிடம் படித்தவள். முதல் நாள் கூச்சத்தோடு, "மிஸ், உங்களை நான் எப்படிக் கூப்பிடறது?" என்று கேட்டாள்.

"எப்பவும் கூப்பிடற மாதிரியே கூப்பிடு," என்றாள் இவள். "பட்டப்பேரு வேண்டாம்."

அந்தப் பெண் சிரித்தாள். இவளும் சிரித்து வைத்தாள். அடுத்த கோடை முடியும்போது கல்லூரியிலிருந்து அழைப்பு வரவில்லை. கேட்கப் போகவும் இல்லை. கணவனின் கடையில் அந்தக் காகிதம் ஒட்டியிருந்த இடத்தில் இப்போது ஒரு நாட்காட்டி தொங்குகிறது. அவன் எப்போது கிழித்தான் என்று அவளுக்குத் தெரியாது. பகலில் அவளும் கடையில்தான் இருக்கிறாள். பில் போடுகிறாள், சுற்றிய காயில்களில் மின்கசிவு இருக்கிறதா என்று மீட்டர் வைத்து இரண்டு மூன்று முறை பார்க்கிறாள். ஒருமுறை பார்த்தால் போதும் என்கிறான் அவன். சரி என்கிறாள்.