மூலை சரி, குறுக்கு சரியில்லை

சின்னாளபட்டிப் பக்கம் ஒரு நெசவாளிக்குத் தறிக்கூடம் கட்டிக்கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தேன். பதினெட்டடிக்கு முப்பதடி. பெரிய வேலை ஒன்றுமில்லை. என் வயதுக்கும் என் முழங்காலுக்கும் ஏற்ற வேலை என்று சொல்லித்தான் வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள்தான் எனக்குச் சித்தாள், டேப் பிடிக்கிற ஆள், நான் போகிற இடத்திலெல்லாம் என்னைப் பற்றிய உண்மைகளைப் பரப்புகிற ஆள்.

நெசவாளியும் அவர் மனைவியும் அதுவரை ஒரு வாடகைக் கூடத்தில் நெய்துகொண்டிருந்தார்கள். தறிக்குழி என்பது தரையில் தோண்டிய குழி. அதற்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துதான் மிதிக்க வேண்டும். போன ஐப்பசி மழையில் அந்தக் கூடத்தின் கூரை ஒழுகி, குழிக்குள் தண்ணீர் நின்றது. தறியில் இருந்த பாவு நூல் பூஞ்சணம் பூத்து வீணாய்ப் போனது. அந்தப் பெண், நெசவாளியின் மனைவி, அதைச் சொன்னபோது கண்ணைக் கசக்கவில்லை. காலை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டாள், இன்னும் தண்ணீர் அங்கே நிற்பதுபோல. அதனால் இந்தக் கூடத்துக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்று: உள்ளே சொட்டுத் தண்ணீர் இறங்கக் கூடாது.

கூரைக்குத் தகடுகளை முன்னாலேயே வாங்கி வைத்திருந்தார்கள். எங்கோ பிரித்த ஷெட்டின் தகடுகள், நல்ல கனம், அளவுக்கு வெட்டியவை. சுவரைத் தாண்டி இரண்டு பக்கமும் அரையடி நீட்டிக்கொண்டு நிற்கும்படி கணக்குப் போட்டிருந்தது. தகட்டின் மூலை நாலும் செங்கோணம். எனவே சுவரும் மூலைக்கு மூலை செங்கோணமாக நிற்க வேண்டும். சுவர் கோணிக்கொண்டு போனால் தகடு அதற்காக வளைந்து கொடுக்காது.

முதல் நாள் நூல் கட்டினோம். எங்கள் பக்கம் எப்போதும் ஈசானி மூலையில்தான் தொடக்கம். வடகிழக்கில் இரண்டு நூல் குறுக்கே வெட்டும் இடம் மூலை. அந்த வெட்டும் புள்ளியிலிருந்து கிழக்கே தெருவோர நூலில் மூன்றடி தள்ளி ஒரு புள்ளி, வடக்கு நூலில் நான்கடி தள்ளி ஒரு புள்ளி. இரண்டு புள்ளிக்கும் நடுவே சாய்வாக அளந்தால் ஐந்தடி வர வேண்டும். வந்தால் மூலை மட்டம், அதாவது சரியான செங்கோணம். வராவிட்டால் வடக்கு நூல் கட்டிய மேற்கு முளைக்குச்சியை நகர்த்தி வர வைக்க வேண்டும். முளையில் அளக்கக் கூடாது, நூல் வெட்டுகிற இடத்தில்தான் அளக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும்.

அன்று நெசவாளி புது டேப் ஒன்று வாங்கிக் கொடுத்தார். என் பழைய டேப்புக்கு முனைக் கொக்கி எப்போதோ முறிந்துபோய் முதல் அங்குலம் கிழிந்து கிடந்தது. வேலைக்கு ஒன்றும் குறையில்லை, ஒரு அங்குலக் கோட்டில் பிடித்து, படிக்கும்போது ஒரு அங்குலத்தைக் கழித்துக்கொள்வோம். ஆனால் ஊர்க்காரர்கள் பார்க்கிற இடத்தில் கிழிந்த டேப்பை இழுப்பது மேஸ்திரிக்கு அழகா? புதுசை வாங்கி இடுப்பில் மாட்டிக்கொண்டபோது நடையே மாறிவிட்டது.

மூன்று வந்தது. நான்கு வந்தது. ஐந்து, கோடு மாறாமல் வந்தது. நீளத்தையும் அகலத்தையும் எதிர்ச் சுவருக்கும் அதே அளவில் கட்டினோம். மூலைக்கு மூலை குறுக்களவு இரண்டும் ஒன்றா என்று பார்க்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் நடுவில் தகடுகள் அடுக்கிக் கிடந்தன. அதற்குள் மண் தோண்டும் பொக்லைன்காரர் வந்துவிட்டார். அவரை நிற்க வைத்தால் அவர் முகம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள் நாலு பக்கமும் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியாயிற்று. முதுகு உடைந்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் காலை கல் போட நல்ல நேரம். சொந்தக்காரர்கள் உட்கார இடம் வேண்டுமென்று தகடுகளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். நடுவே வெளியாகிவிட்டது. சும்மா இருக்காமல், வீட்டம்மாவை முனையைப் பிடிக்கச் சொல்லிக் குறுக்களவு பார்த்தேன்.

ஒரு குறுக்கு மற்றதைவிட ஐந்து அங்குலத்துக்கு மேல் நீளம்.

மறுபடியும் அளந்தேன். அதே ஐந்து அங்குலம். நேரே மூலைக்கு ஓடினேன். மூன்று, நான்கு, ஐந்து. மயிரிழை பிசகவில்லை. திரும்பக் குறுக்கு. ஐந்து அங்குலம். மூலை சரி என்கிறது, குறுக்கு இல்லை என்கிறது. எதிர்ச் சுவர்களும் சமமாகவே இருக்கின்றன. அப்படியானால் தப்பு எங்கே ஒளிந்திருக்கிறது?

அடுத்த சில நிமிடங்களில் நான் யோசித்தவற்றை எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். பூமி நழுவிவிட்டது என்று நினைத்தேன். நூலை யாரோ பொறாமையில் நகர்த்தியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்குச் சர்க்கரை ஏறிக் கண் மங்கிவிட்டது என்று நினைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு படித்தேன், பிறகு மற்றதை. இரண்டு கண்ணும் ஐந்து அங்குலம் என்றே சொல்லின. கடைசியாக, ஊரெல்லாம் இத்தனை காலம் நம்பி வந்த கணக்கே தப்பு, அதைக் கண்டுபிடிக்கும் துர்பாக்கியம் எனக்கு வாய்த்திருக்கிறது என்று முடிவு செய்தேன்.

அதற்கப்புறம் வயிற்று வலி என்று சொல்லிப் போய்விடலாமா என்று பார்த்தேன். அந்தப் பெண் மஞ்சள் பூசிய கல்லைத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். முப்பதடி போவதற்குள் வடக்குச் சுவர் ஐந்து அங்குலம் வெளியே சாய்ந்தால், பின்பக்கம் தகட்டின் அரையடி நீட்டல் ஒரு அங்குலமாகிவிடும். மழை சுவரோடு வழிந்து நேரே உள்ளே இறங்கும். தறிக்குழி வரைக்கும் வழி காட்ட ஆள் தேவையில்லை.

நெசவாளி வந்து, நல்ல நேரம் நெருங்குகிறது, கல்லை வைக்கலாமா என்று கேட்டார். செத்த நேரம் என்றேன். அவர் போய்த் திரும்பி வந்து கேட்டார். செத்த நேரம் என்றேன். மூன்றாம் முறை வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்தார்.

வீட்டம்மா என் பக்கத்தில் வந்து, வாயசையாமல் பேசுகிற வித்தை ஒன்று வைத்திருக்கிறாள், அதில் பேசினாள்.

"என்ன, மூஞ்சி எழவு வீட்டுக்குப் போன மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. நீ அந்தப் பக்கம் போய் அளவப் படி. நான் முனையப் புடிக்கிறேன்."

"ஒங்களுக்குக் குனிய முடியாதுன்னுதான என்னயப் புடிக்க விட்டீக?"

"இன்னிக்குக் குனிவேன்."

குனிந்தேன். முழங்கால் இரண்டும் சேர்ந்து என்னைத் திட்டின. நூல் வெட்டும் புள்ளியில் டேப்பைப் பிடித்து, அவளைப் படிக்கச் சொல்ல வாய் திறந்தவன், என் கட்டைவிரலைப் பார்த்தேன். அது தன் பாட்டுக்கு ஒரு அங்குலக் கோட்டில் போய் உட்கார்ந்திருந்தது. விரலுக்கு அந்தப் பக்கம் புத்தம்புதுக் கொக்கி பளபளவென்று, வேலையில்லாத மாப்பிள்ளை மாதிரி, சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"நேத்து நீ எங்க புடிச்ச?"

"எங்க புடிப்பாக? ஒரு அங்குலம் விட்டுத்தான். நீங்கதான அப்புடிப் புடிக்கச் சொல்லிச் சொல்லியே என் உசிர எடுத்தீக."

"அது கிழிஞ்ச டேப்புக்கு."

"டேப்ப மாத்துனீக. என் கைய மாத்துனீகளா?"

அவள் பழக்கப்படி ஒரு அங்குலம் விட்டுப் பிடித்திருக்கிறாள். நான் புது டேப் மிதப்பில் கழிக்காமல் படித்திருக்கிறேன். மூன்றடி என்றது மூன்றடிக்கு ஒரு அங்குலம் குறைவு, நான்கும் ஐந்தும் அப்படியே. எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதானே குறைந்தது என்று தோன்றும். அங்குதான் வினை. மூன்றையும் பாதியாக்கினாலும் இரட்டிப்பாக்கினாலும் மூலை மட்டமாகவே இருக்கும். மூன்றிலும் ஒரு அங்குலம் பிடுங்கினால் மூலை விரிந்துபோகும். காலையில் சோதித்தபோதும் அதே கை, அதே கண். எத்தனை தடவை அளந்தால் என்ன, அதே பொய்தான் அழகாகத் திரும்பி வரும். குறுக்களவு இரண்டிலும் ஒரே அங்குலம் போனதால் அந்த வித்தியாசம் மட்டும் மறையவில்லை.

கொக்கியை வைத்து ஒழுங்காக அளந்தோம். மூன்று, நான்கு. சாய்வில் ஐந்தடியைத் தாண்டி அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஐந்தடியில் இந்த அரை அங்குலம்தான் முப்பதடியில் ஐந்தாகப் பெருத்திருக்கிறது.

தெரிந்துவிட்டது, சரி. வானம் தோண்டியாயிற்றே? நல்ல நேரம் ஓடுகிறதே? நான் தலையில் கை வைத்துக்கொண்டு முளைமேல் உட்கார்ந்தேன். முளை குத்தியது. வீட்டம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஈசானி மூலை எங்கயும் ஓடலையே. அங்க கல்ல வைக்கச் சொல்லுங்க. பின்னாடி நூலத்தான தள்ளணும்?"

அதுதான் உண்மை. மூலைப்புள்ளி ஆணி அடித்ததுபோல நிற்கிறது, அதைச் சுற்றி வடக்கு நூலின் மேற்கு முனைதான் தெற்கே திரும்ப வேண்டும். இதை நான்தான் அவளுக்கு ஏதோ ஒரு வேலையில் சொல்லியிருப்பேன். பயம் வந்தால் நான் சொன்னதெல்லாம் எனக்கு மறந்து, அவளுக்கு ஞாபகம் வரும்.

நெசவாளியையும் அந்தப் பெண்ணையும் கூப்பிட்டு, நடந்ததைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று தொடங்கினேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. நெசவாளி தலையாட்டினார். அந்தப் பெண் மட்டும் கேட்டாள்:

"இப்பச் சரி பண்ணுனா, தண்ணி எறங்காதுல்லண்ணே?"

"எறங்காது தங்கச்சி."

"நேத்தும் சரின்னுதான சொன்னீங்க."

கொக்கியை அவள் கையில் கொடுத்தேன்.

கல் வைத்தார்கள், சூடம் காட்டினார்கள். பிறகு மேற்கு முளையைப் பிடுங்கித் தெற்கே தள்ளினேன். இந்த முறை மூன்று நான்கு ஐந்தோடு விடவில்லை. ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து என்று பெரிய முக்கோணமாகப் பார்த்தேன். சிறியதில் கண்ணுக்குத் தப்புவது பெரியதில் தப்பாது. நீளம், அகலம், எல்லாவற்றையும் புதிதாகக் கட்டினோம். கடைசியில் குறுக்கு. அந்தப் பெண் மூலையில் கொக்கியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், நான் படித்தேன். அடுத்த குறுக்குக்கு மாறினோம், மறுபடி படித்தேன். இரண்டும் ஒன்று. அவள் என்னை நம்பாமல் எழுந்து வந்து, தானே குனிந்து இரண்டையும் படித்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

சொந்தக்காரர்கள் இட்லி சாப்பிட்டுக் கிளம்பினார்கள். நாங்கள் இரண்டு பேரும் வானத்துக்குள் இறங்கினோம். முன்பக்கம் ஒன்றுமில்லாமல், பின்பக்கம் போகப்போக ஐந்து அங்குலம் வரை, ஓரத்து மண்ணை மண்வெட்டியால் செதுக்க வேண்டும். வடக்கு வானத்திலும் செதுக்கினோம், தெற்கு வானத்திலும் செதுக்கினோம். ஆத்தூர்ப் பக்கம் மேகம் கட்டியிருந்ததே தவிர எங்கள் தலைக்கு மேல் வெயில்தான். வீட்டம்மா பேசவே இல்லை. அவள் பேசாமலிருப்பது எவ்வளவு களைப்பு என்பதற்கு அளவுகோல். சாயங்காலம் வண்டியில் பின்னால் உட்கார்ந்து என் முதுகில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். விழுந்துவிடுவாளோ என்று வீடு இருக்கும் சித்தையன்கோட்டை வரைக்கும் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினேன்.

கூடம் எழும்பியது, தகடு ஏறியது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. வேறு வேலை எதுவும் நடக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வண்டியை எடுத்துக்கொண்டு நனைந்துகொண்டே போனேன். சும்மா அந்த வழியாக வந்தேன் என்று சொல்வதற்கு ஒரு காரணமும் தயார் செய்து வைத்திருந்தேன்.

கதவு திறந்துதான் இருந்தது. முதலில் பின்பக்க வடக்கு மூலையைப் பார்த்தேன். சுவர் காய்ந்திருந்தது. தகட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் சுவரைத் தொடாமல் அரையடி தள்ளி, கோடு போட்டதுபோல விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் குழிக்குள் காலை விட்டு மிதித்துக்கொண்டிருந்தாள். நான் நிற்பது தெரிந்தும் தலை நிமிரவில்லை.

"கதவச் சாத்துங்கண்ணே," என்றாள். "சாரல் அடிக்குது."

உள்ளே போய்ச் சாத்தினேன்.