அரக்கு வைத்த லீவர்

என்னைத் திருடன் என்று சொன்னவர் எங்கள் மில் மேனேஜர். ராஜபாளையத்தில், பகல் ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரத்தில், கேட்டருகே நின்று சொன்னார். யுத்தம் முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பி, அந்த மில்லில் டிரைவராகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

அவருக்கு என்மேல் ஏற்கெனவே ஒரு கடுப்பு உண்டு. முதலாளியிடம் புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சு கார் ஒன்று இருந்தது. முன்சக்கரம் இழுக்கிற வண்டி. பின்சக்கரம் தள்ளுகிற காலி லாரியை மழையில் வளைத்தால் வால் வெட்டிக்கொண்டு போகும். அந்தக் கார் இழுத்த பக்கம் அடக்கமாகத் திரும்பும். "மாடு முன்னாலதானே பூட்டுதோம்? இதுதான் வண்டி" என்று மேனேஜர் பெருமை பேசுவார். ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை, முதலாளியும் மேனேஜருமாகப் பின்னால் நாலு பேரை அடைத்துக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளுக்குப் புறப்பட்டோம். ஈரமான மேட்டில் முன்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. மேட்டில் பாரமெல்லாம் பின்னால் சாயும். முன்சக்கரத்துக்குப் பிடிமானம் ஏது? நான் காரைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றினேன். இப்போது இழுக்கிற சக்கரம் பள்ளத்துப் பக்கம். பாரம் அதன்மேல் இறங்கியது, ஏறிவிட்டது. "பெருமாளுக்கு முதுகக் காட்டி ஏத்துதியா?" என்று மேனேஜர் கத்தினார். முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை மேனேஜர் மறக்கவில்லை.

அதன் பிறகுதான் பட்டாளம் கழித்துவிட்ட லாரி ஒன்று மில்லுக்கு வந்தது. எஞ்சினோடு எப்போதும் சேர்ந்திருப்பது பின்சக்கரம். ஒரு லீவரைப் போட்டால் முன்சக்கரமும் சேர்ந்து, நாலும் வேலை செய்யும். சோழபுரம் கரிசலில் பருத்தி ஏற்றப் போனால், பழைய லாரி அச்சுவரை புதையும் இடத்தில் இது உறுமிக்கொண்டு வெளியே வரும். கெட்டி ரோட்டுக்கு வந்ததும் லீவரை எடுத்துவிடுவேன். அது மேனேஜர் கண்ணில் பட்டுவிட்டது.

"நாலு சக்கரம் வேலை செய்யுத வண்டிய வாங்கிட்டு, ரெண்ட எதுக்குச் சும்மா விடுதே?"

"ரோட்டுல வேண்டாங்கய்யா. டயரு தேஞ்சிரும்."

"நீ எனக்குச் சொல்லித் தாரியா?"

குடோன் பூட்டுக்கு வைப்பதுபோல லீவரைப் போட்ட நிலையிலேயே சணலால் கட்டி, முடிச்சில் அரக்கை உருக்கி ஊற்றி, தன் மோதிரத்தால் முத்திரை குத்தினார். அரக்கு உடைந்தால் வேலை போகும் என்றார். வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

அப்புறம் தினமும் நூல் பேல் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் நெசவாளர் தெருக்களுக்கு ஓட்டம். தார் ரோட்டு முக்குகளில் ஸ்டியரிங் கல்லாய் இறுகும். வண்டி திரும்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கும். இரண்டே மாதத்தில் நாலு டயரும் தேய்ந்தன, முன்னிரண்டும் மொட்டை. புது டயருக்குச் சர்க்கார் பெர்மிட் வாங்க அலைந்த காலம் அது. "நல்ல டயர வித்துட்டு, பழசப் பூட்டிருக்கான்" என்றார் மேனேஜர், நூறு பேர் முன்னால்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வேலை போனால் போகட்டும், திருடன் என்ற பெயரோடு போகமாட்டேன் என்று கேட்டிலேயே நின்றேன். சத்தம் கேட்டு முதலாளி வெளியே வந்தார்.

"அய்யா, செத்த நேரம் குடுங்க. பொறவு போலீசக் கூப்பிடுங்க."

தண்ணீர் தெளித்திருந்த மில் முற்றத்தில் லாரியை ஒரு வட்டம் அடித்தேன். ஈரமண்ணில் முன்சக்கரத் தடம் வெளியே, பின்சக்கரத் தடம் உள்ளே. "வளைவுல முன்சக்கரம் கூடத் தூரம் போகுது. ரெண்டையும் ஒண்ணாப் பூட்டி ஒரே சுத்துச் சுத்தச் சொன்னா என்ன ஆகும்? மண்ணுன்னா சறுக்கிச் சமாளிச்சுக்கிடும். தாரு விடுமா?"

"கதை விடுதான்" என்றார் மேனேஜர்.

கேட்டுக்கு வெளியே தார் ரோட்டில் லாரியை இறுக்கி வளைத்தேன். டயர் கிறீச்சிட்டது. முதலாளி குனிந்து ரோட்டைத் தடவினார். விரலில் கருப்பு ரப்பர் ஒட்டியது. பிறகு அவர் கண்முன்னாலேயே அரக்கை உடைத்தேன், லீவரை எடுத்தேன், அதே வளைவை அடித்தேன். சத்தமே இல்லை. வண்டி லேசாகத் திரும்பியது.

"அரக்கு இப்பத்தான் உடைஞ்சுது, நீங்களே பாத்தீங்க. இந்த ரெண்டு மாசமும் லீவர் கட்டுலதான் கெடந்துது. முத்திரை யாருதுன்னு பாருங்க." உடைந்த துண்டை முதலாளி கையில் வைத்தேன்.

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தரையைப் பார்த்தபடி, "சரி சரி, போயி வேலையப் பாரு" என்றார்.

"போகமாட்டேன். நூறு பேரு முன்னால சொன்னீங்க. அவிய எல்லாம் இன்னும் இங்கதான் நிக்காக. நான் திருடன் இல்லன்னு அவிய முன்னால சொல்லுங்க."

அவர் ஏதோ முனகினார். அந்நேரம் அடுத்த ஷிப்டுக்கான மில் சங்கு ஊத ஆரம்பித்தது. யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

நான் லாரி பானெட்டில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒரு ஆள் நகரவில்லை.

"சங்கு ஓயட்டும்யா" என்றேன். "ஓஞ்ச பொறவு சொல்லுங்க."

ஓய்ந்தது. சொன்னார்.