விட்டுப்போன முதல் சுற்று

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அந்தப் பேராசிரியைக்குக் 'கறார் மேடம்' என்று பெயர். ஆதாரம் இல்லாமல் வீட்டுக்காரர்கூட அவரிடம் குழம்பைக் குறைசொல்ல முடியாது.

வகுப்பில் ஒன்றைச் செய்து பார்த்து, தவறியதைத் திருத்தி, அடுத்த சுற்றில் மறுபடி செய்வதுதான் செயலாராய்ச்சி. பயிற்சிக்கு வந்த கணக்கு டீச்சர் ஒருவரின் அறிக்கையிலோ திட்டம், செயல், கவனிப்பு, மீள்சிந்தனை எல்லாம் ஒரே சுற்றில் வெற்றியாக முடிந்திருந்தன. மேடத்துக்கு எரிச்சல் வந்தது. டீச்சரைக் கூப்பிட்டார்.

"பிள்ளைங்கள ஜோடி ஜோடியா உக்கார வெச்சுக் கணக்குப் போட வெச்சது எடுத்த எடுப்புலயே சரியா வந்துடுச்சா?"

"இல்ல மேடம். முதல்ல தடுமாறுற பிள்ளைங்கள நல்லா போடுறவங்ககூட உக்கார வெச்சேன். பாத்து எழுதிட்டாங்க. அப்புறம்தான் தடுமாறுறவங்களையே ஜோடியாக்கினேன், அது நல்லா வந்துச்சு. தோத்தத எழுதினா மார்க் போயிடுமேன்னு விட்டுட்டேன்."

"அதானேம்மா முதல் சுத்து! அது தோக்கலன்னா இந்த யோசனை எங்கேருந்து வந்திருக்கும்?"

மதிப்பெண் கட்டத்தைக் காலியாக விட்டு, அறிக்கையைத் திருப்பித் தந்தார்.

"தோத்தத எழுதிட்டு வாங்க. அதுக்குத்தான் மார்க்."